யாரும் வரவில்லை: ஆங்கிலத்தில் எத்தனை 'இல்லை'?

"கூட்டத்திற்கு யாரும் வரவில்லை." இந்தச் சிறிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதுமாறு, காரைக்குடியில் தமிழ்வழியில் படித்து வங்கித் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்களிடம் கூறுவதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் மூன்று வகையான விடைகள் கிடைக்கும்.

'நோபடி டிட் நாட் கம் டு த மீட்டிங்' என்பது முதல் விடை. 'எனிபடி டிட் நாட் கம் டு த மீட்டிங்' என்பது இரண்டாவது. 'நோபடி கேம் டு த மீட்டிங்' என்பது மூன்றாவது. இவற்றுள் மூன்றாவது மட்டுமே சரி. முதல் விடை, நாம் சொல்ல வந்ததற்கு நேர்மாறாக, 'வராதவர் எவரும் இல்லை, எல்லோரும் வந்தனர்' என்ற பொருளைத் தருகிறது. இரண்டாவது விடையோ ஆங்கில வாக்கியமே அன்று.

வாக்கியத் திருத்த வினாக்களில் எனி, நோ, நன், ஹார்ட்லி ஆகிய சொற்களை வைத்துக் கேட்கப்படும் வினாக்கள் பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில்தான் மாணவரைச் சறுக்க வைக்கின்றன. இந்தப் பிழை கவனக்குறைவால் மட்டும் வருவதன்று. தமிழின் வாக்கிய அமைப்பே அதற்குக் காரணமாக இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் பிழையும் நீங்கிவிடும். ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்துள்ளோம். வாசகர்கள் அவற்றை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் அமைப்பு எளிதில் விளங்கும்.

தமிழில் எதிர்மறை எங்கே இருக்கிறது?

'யாரும் வரவில்லை' என்பதில் 'யாரும்' என்ற சொல்லுக்கு எதிர்மறைப் பொருள் உண்டா? பலர் உண்டு என்றே நினைக்கின்றனர். 'யாரும்' என்றால் 'நோபடி', 'ஒன்றும்' என்றால் 'நத்திங்' என்று மனப்பாடம் செய்துகொள்கின்றனர். ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். யார் என்னும் வினாச்சொல்லோடு உம் என்னும் இடைச்சொல் சேர்ந்திருக்கிறது. அதில் 'இல்லை' என்ற பொருள் எங்கும் இல்லை.

இதை உறுதிசெய்துகொள்ள அதே சொல்லை வேறொரு வினைமுற்றோடு சேர்த்துப் பார்க்கலாம். 'விழாவுக்கு யாரும் வரலாம்' என்று அழைப்பிதழில் அச்சிட்டால், எவருக்கும் தடையில்லை என்று பொருள். 'விழாவுக்கு யாரும் வரவில்லை' என்றால் ஒருவர்கூட வரவில்லை என்று பொருள். 'யாரும்' என்ற சொல் இரண்டு வாக்கியங்களிலும் ஒன்றேதான். மாறியது வினைமுற்று மட்டுமே. ஆகவே தமிழில் எதிர்மறை வினையில் தங்கியிருக்கிறது; 'யாரும்', 'எதுவும்', 'எங்கும்' போன்ற சொற்கள் அந்த வினையின் நிறத்தை வாங்கிக்கொள்கின்றன.

இதனால் ஓர் உண்மை தெரிகிறது. 'யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை' என்று நாம் இயல்பாகப் பேசுகிறோம். அதில் உம் ஏற்ற சொற்கள் மூன்று. எதிர்மறையோ ஒன்றே ஒன்று. 'ஒரு வினைக்கு ஓர் எதிர்மறை' என்ற ஆங்கிலத் தேர்வு விதியைத் தமிழர் தம் மொழியில் நாள்தோறும் கடைப்பிடித்தே வருகின்றனர். 'யாரும்' என்பதை 'நோபடி' என்று தவறாகப் பெயர்த்துக்கொண்டு, வினையிலுள்ள 'இல்லை'யையும் 'நாட்' என்று பெயர்ப்பதால்தான் எதிர்மறை இரண்டாகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இரண்டு இருக்கைகள்

ஆங்கிலத்தில் எதிர்மறை உட்காருவதற்கு இரண்டு இருக்கைகள் உண்டு. ஒன்று வினை, அங்கே 'நாட்' என்ற சொல் துணைவினையை அடுத்து அமரும். மற்றொன்று பெயர்; அங்கே 'நோ', 'நன்', 'நோபடி', 'நத்திங்' போன்ற சொற்கள் அமரும். ஒரு வினைக்கு இவற்றுள் ஏதேனும் ஓர் இருக்கையை மட்டும் நிரப்ப வேண்டும். மற்ற இடங்களில் உம் ஏற்ற தமிழ்ச் சொற்களுக்கு ஈடாக 'எனி', 'எனிபடி', 'எனிதிங்', 'எவர்' ஆகிய சொற்கள் வரும்.

'நான் யாரையும் பார்க்கவில்லை' என்பதை எடுத்துக்கொள்வோம். எதிர்மறையை வினையில் வைத்தால் 'ஐ டிட் நாட் சீ எனிபடி' என்றாகும். பெயரில் வைத்தால் 'ஐ சா நோபடி' என்றாகும். இரண்டும் சரியே. இரண்டையும் கலந்து 'ஐ டிட் நாட் சீ நோபடி' என்று எழுதினால்தான் பிழை.

அப்படியானால் 'யாரும் வரவில்லை' என்பதை 'எனிபடி டிட் நாட் கம்' என்று ஏன் எழுதக்கூடாது? எதிர்மறை ஒன்றுதானே இருக்கிறது? இங்கேதான் ஆங்கிலத்தின் இரண்டாவது விதி குறுக்கிடுகிறது. 'எனி' வகைச் சொல் எதிர்மறைக்குப் பின்னால்தான் வரவேண்டும், முன்னால் வரக்கூடாது. ஆங்கிலத்தில் எழுவாய் முதலிலும் வினை அதன் பின்னும் வருகின்றன. எனவே எழுவாயில் 'எனிபடி' அமர்ந்தால், வினையிலுள்ள 'நாட்' அதற்குப் பின்தங்கிவிடுகிறது. இதைத் தவிர்க்க எதிர்மறையையே எழுவாய்க்குக் கொண்டுபோய் 'நோபடி கேம்' என்கின்றனர்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், 'யாரும்' என்பது எப்போதும் எதிர்மறைக்கு முன்னால்தான் இருக்கும். ஆகவே இப்படி ஒரு வரிசை விதி நமக்குத் தேவைப்படவே இல்லை. தேவைப்படாத விதியை மனம் எதிர்பார்ப்பதில்லை. 'எனிபடி டிட் நாட் கம்' என்ற பிழை தமிழருக்குக் காதில் உறுத்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

இப்போது 'யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை' என்பதை மாற்றிப் பாருங்கள். முதலில் வரும் எழுவாயில் எதிர்மறையை வைக்க வேண்டும். பின்வருவன எல்லாம் 'எனி' ஆகவேண்டும். 'நோபடி செட் எனிதிங் டு எனிபடி.' ஒரு 'நோ', இரண்டு 'எனி'. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இரண்டு விதிகளும் கையில் இருக்கும்.

எழுவாயில் 'எனி' வரவே வராது என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். 'எந்த மாணவரும் இதற்கு விடை கூறலாம்' என்பதை 'எனி ஸ்டூடன்ட் கேன் ஆன்சர் திஸ்' என்று எழுதுவது முற்றிலும் சரி. அங்கே வினை உடன்பாடாக இருக்கிறது. 'எனி' என்பது 'எவராயினும்' என்ற பொருளில் நிற்கிறது.

நோ, நன்: தங்கும் இடம் வேறு

'நோ' என்ற சொல் தனித்து நிற்காது. தன் பின்னே ஒரு பெயர்ச்சொல்லைத் தாங்கியே வரும். 'நன்' என்ற சொல் தனித்தே நிற்கும். பின்னே பெயரை நேராக ஏற்காது. ஊரணியில் தண்ணீர் இல்லை என்பதை 'தேர் இஸ் நோ வாட்டர் இன் த ஊரணி' என்கிறோம். 'தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?' என்று ஒருவர் கேட்டால், 'நன்' என்று ஒரே சொல்லில் விடை கூறலாம். 'நன் வாட்டர்' என்பதும், 'நோ ஆஃப் த பாய்ஸ்' என்பதும் பிழைகள். 'ஆஃப்' வந்தால் அதற்கு முன் 'நன்' வரவேண்டும்: 'நன் ஆஃப் த பாய்ஸ்.'

'நன்' என்ற எழுவாய்க்கு ஒருமை வினையா, பன்மை வினையா என்பது நெடுநாளைய ஐயம். தண்ணீர், பணம் போன்ற எண்ணி அளவிட முடியாத பொருளைக் குறித்தால் ஒருமைதான்: 'நன் ஆஃப் த வாட்டர் வாஸ் வேஸ்டட்.' எண்ணக்கூடிய பலரையோ பலவற்றையோ குறித்தால் ஒருமையும் பன்மையும் ஆகிய இரண்டும் நல்ல ஆங்கிலத்தில் வழங்குகின்றன. ஆகவே 'நன் ஆஃப் த பாய்ஸ் வேர் லேட்' என்று வினாவில் இருந்தால், பன்மையைக் கண்ட மாத்திரத்தில் அதைப் பிழை என்று குறித்துவிட வேண்டாம். வேறு பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருவர் அல்லது இரண்டு பொருள்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் 'நன்' வராது; 'நைதர்' வரவேண்டும் என்பதையும் தேர்வில் கேட்பதுண்டு.

'நன்' என்பதற்கு ஈடாக 'ஆல்' என்ற சொல்லையும் 'நாட்' என்பதையும் சேர்த்து எழுதுவோர் உண்டு. 'ஆல் த பாய்ஸ் டிட் நாட் கம்' என்றால் ஒருவரும் வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா என்பது தெளிவாகாது. தமிழிலும் 'எல்லோரும் வரவில்லை' என்றால் இதே குழப்பம்தான். முழுமையைக் குறிக்கும் உம், சில இடங்களில் எஞ்சியது உண்டு என்பதையும் காட்டும் என்று நன்னூலார் முன்பே கண்டு சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் ஒருவரும் வரவில்லை என்றால் 'நன் ஆஃப் த பாய்ஸ் கேம்' என்றும், சிலர் மட்டும் வரவில்லை என்றால் 'நாட் ஆல் த பாய்ஸ் கேம்' என்றும் பிரித்து எழுத வேண்டும்.

ஹார்ட்லி: மறைந்திருக்கும் எதிர்மறை

'ஹார்ட்லி' என்ற சொல்லைப் பார்த்தால் அதில் 'நோ'வும் இல்லை, 'நாட்'டும் இல்லை. ஆனால் 'அநேகமாக இல்லை' என்பதே அதன் பொருள். 'ஸ்கேர்ஸ்லி', 'பேர்லி' ஆகியவையும் இதே இனம். எனவே இவற்றோடு இன்னோர் எதிர்மறையைச் சேர்த்தால் இரட்டை எதிர்மறை ஆகிவிடும். 'ஐ குட் நாட் ஹார்ட்லி ஹியர் ஹிம்' என்பது பிழை. 'ஐ குட் ஹார்ட்லி ஹியர் ஹிம்' என்பதே சரி. 'ஹார்ட்லி நோபடி', 'ஹார்ட்லி நெவர்' ஆகியவை பிழைகள். 'ஹார்ட்லி எனிபடி', 'ஹார்ட்லி எவர்' என்பவை சரி.

ஒரு சொல்லில் எதிர்மறை மறைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆங்கில வாக்கியத்தின் இறுதியில் சேர்க்கும் சிறு வினாவைக் கொண்டு சோதிக்கலாம். உடன்பாட்டு வாக்கியத்தின் பின் எதிர்மறை வினாவும், எதிர்மறை வாக்கியத்தின் பின் உடன்பாட்டு வினாவும் வரும். 'ஷீ ஸ்பீக்ஸ் வெல், டஸ்ன்ட் ஷீ?' என்பது முதல் வகை. 'ஷீ ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஷீ?' என்று சொல்லும்போது, வினா உடன்பாடாக வருவதால் 'ஹார்ட்லி' ஓர் எதிர்மறையே என்பது வெளிப்பட்டுவிடுகிறது. அமெரிக்க மொழியியலாளர் எட்வர்டு கிளிமா 1964-இல் ஆங்கில எதிர்மறை பற்றி எழுதிய ஆய்வில் இத்தகைய சோதனைகளை முறைப்படுத்திக் காட்டினார்.

'எனி' ஏன் 'ஹார்ட்லி'யோடு இசைகிறது என்பதற்கு மற்றொரு விளக்கமும் உண்டு. வில்லியம் லாடுசா என்பவர் 1979-இல் தம் ஆய்வேட்டில் முன்வைத்த கருத்து அது. 'அவர் பலகாரம் வாங்கினார்' என்றால், அவர் சீயம் வாங்கினார் என்று நாம் முடிவுகட்ட முடியாது. அவர் வாங்கியது கந்தரப்பமாக இருக்கலாம். ஆனால் 'அவர் பலகாரம் வாங்கவில்லை' என்றால், சீயமும் வாங்கவில்லை என்பது உறுதி. அதாவது எதிர்மறை வாக்கியத்தில் பெரிய வகையைப் பற்றிச் சொன்னது அதனுள் அடங்கிய சிறு வகைக்கும் பொருந்துகிறது. 'அவர் பலகாரம் வாங்குவதே அரிது' என்றாலும் அப்படியே. சீயம் வாங்குவதும் அரிதுதான். இப்படிப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்க முடிகிற இடங்களில் 'எனி' இயல்பாக அமர்கிறது. 'ஹார்ட்லி', 'வித்தௌட்', 'இஃப்' ஆகிய சொற்களின் பின்னே 'எனி' வருவதற்கும் இதுவே காரணம். வினா வாக்கியங்களிலும் 'எனி' வரும். ஆனால் அங்கே இந்தச் சோதனை நேராகப் பொருந்துவதில்லை.

'ஹார்ட்லி' பற்றி இரண்டு எச்சரிக்கைகள். 'ஹி வொர்க்ஸ் ஹார்டு' என்றால் கடினமாக உழைக்கிறார் என்று பொருள். 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை என்று சொல்லும் அளவுக்குச் சோம்பல் என்று பொருள். இரண்டாவது, 'ஹார்ட்லி' வாக்கியத்தின் முதலில் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னே வந்துவிடும். அடுத்த பகுதி 'வென்' என்று தொடங்கும். 'ஹார்ட்லி ஹேட் த பஸ் ரீச்டு தேவகோட்டை வென் த ரெயின் பிகேன்.' தேவகோட்டையைப் பேருந்து அடைந்ததும் மழை தொடங்கியது என்பது பொருள். இங்கே 'வென்' என்பதற்குப் பதிலாக 'தேன்' என்று எழுதுவது தேர்வுகளில் அடிக்கடி காணப்படும் பிழை. 'தேன்' வரவேண்டிய இடம் 'நோ சூனர்' என்று தொடங்கும் வாக்கியம்.

இந்த விதி எங்கிருந்து வந்தது?

இரண்டு குறைக்குறிகளைப் பெருக்கினால் கூட்டற்குறி வருவதுபோல், இரண்டு எதிர்மறைகள் உடன்பாடாகும் என்று பள்ளியில் விளக்குவது வழக்கம். ஆனால் மொழி எப்போதும் கணக்கைப் பின்பற்றுவதில்லை. ஆங்கிலமே ஒரு காலத்தில் அப்படி இருக்கவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாசர் ஒரே வாக்கியத்தில் இரண்டு, மூன்று எதிர்மறைகளை அடுக்கி எழுதியிருக்கிறார். அவை ஒன்றையொன்று அழிக்காமல் மறுப்புக்கு வலுவூட்டின. இன்றும் ஸ்பானிய மொழியில் அது இலக்கண வழக்கு. ஆங்கில வட்டார வழக்குகள் பலவற்றிலும் அது பேச்சில் உயிரோடு இருக்கிறது.

எழுத்து ஆங்கிலத்திலிருந்து இவ்வழக்கு படிப்படியாக ஒதுங்கிய பிறகு, 18-ஆம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியர்கள் அதை விதியாக எழுதிவைத்தனர். 1711-இல் ஜேம்ஸ் கிரீன்வுட் எழுதிய நூலில் இவ்விதி காணப்படுகிறது. 1762-இல் இலக்கணம் வெளியிட்ட ராபர்ட் லோத் பாதிரியார், அடுத்த பதிப்பில் இதைச் சேர்த்துக்கொண்டார். அந்நூல் மிகவும் பரவியதால் விதியும் பரவியது. ஆகவே தேர்வில் இரட்டை எதிர்மறையைப் பிழை என்பது, அது எவருக்கும் புரியாது என்பதால் அன்று. பொது எழுத்து ஆங்கிலத்தின் வழக்கு அப்படி அமைந்துவிட்டது என்பதால்தான்.

நான்கு வினாக்கள்

இனி இவற்றைப் பயன்படுத்திப் பார்ப்போம். முறை எளிது. முதலில் வாக்கியத்திலுள்ள வினைமுற்றுகளைக் குறியுங்கள். ஒவ்வொரு வினைமுற்றுக்கும் எத்தனை எதிர்மறைகள் என்று, மறைந்திருப்பவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். பிறகு 'எனி' எதிர்மறைக்குப் பின்னால் வருகிறதா என்று பாருங்கள்.

முதல் வினா: 'எனி ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ் டிட் நாட் ஆன்சர் த லாஸ்ட் கொஸ்டின்.' வினைமுற்று ஒன்று, எதிர்மறை ஒன்று, எண்ணிக்கை சரி. ஆனால் 'எனி' முன்னால் நிற்கிறது, ஆகவே பிழை. இதைத் திருத்தும்போது 'எனி' என்பதை 'நன்' என்று மாற்றிவிட்டு, 'டிட் நாட்' என்பதை அப்படியே விட்டுவிடுவோர் பலர். அப்போது ஒரு பிழை போய் வேறொரு பிழை வந்துவிடும். வினையையும் மாற்ற வேண்டும்: 'நன் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ் ஆன்சர்டு த லாஸ்ட் கொஸ்டின்.'

இரண்டாவது வினா: 'த ரெயின் வாஸ் சோ ஹெவி (அ) / தட் வீ குட் நாட் ஹார்ட்லி (ஆ) / சீ எனிதிங் (இ) / பிழை இல்லை (ஈ).' 'குட் சீ' என்ற வினைக்கு 'நாட்', 'ஹார்ட்லி' என எதிர்மறைகள் இரண்டு. ஆகவே பிழை ஆ பகுதியில் இருக்கிறது. 'நாட்' என்பதை நீக்க வேண்டும். இ பகுதியில் கை வைக்கக்கூடாது. 'எனிதிங்' என்பதை 'நத்திங்' ஆக்கினால் மீண்டும் இரட்டை எதிர்மறைதான்.

மூன்றாவது வினா: 'யூ வில் ஃபெயில் அன்லெஸ் யூ டு நாட் ஸ்டடி.' தமிழில் 'படிக்காவிட்டால்' என்ற சொல்லிலேயே எதிர்மறை இருக்கிறது. 'அன்லெஸ்' என்பதும் அப்படியே எதிர்மறையைத் தன்னுள் கொண்டது. இந்த வாக்கியம், 'படித்தால் தோற்றுவிடுவாய்' என்ற விபரீதப் பொருளைத் தருகிறது. 'அன்லெஸ் யூ ஸ்டடி' என்பதே சரி. 'தான் எடுக்கவில்லை என்று மறுத்தான்' என்று தமிழில் எழுதும் பழக்கத்தால், ஆங்கிலத்திலும் 'டினைடு' என்ற வினையின் பின் 'நாட்' சேர்ப்பதும் இவ்வகைப் பிழையே.

நான்காவது வினா: 'தேர் இஸ் நோபடி இன் காரைக்குடி ஹூ ஹேஸ் நாட் ஹேர்ட் ஆஃப் கம்பன்.' 'நோபடி', 'நாட்' ஆகிய இரண்டையும் கண்டவுடன் பிழை என்று குறித்துவிடத் தோன்றும். பொறுங்கள். வினைமுற்றுகளை எண்ணுங்கள். 'இஸ்' ஒன்று, 'ஹேஸ் ஹேர்ட்' ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிர்மறைதான். 'காரைக்குடியில் கம்பனைப் பற்றிக் கேள்விப்படாதவர் யாரும் இல்லை' என்று தமிழிலும் நாம் இப்படித்தான் சொல்கிறோம். 1939 முதல் கம்பன் விழா நடந்துவரும் ஊர் ஆயிற்றே! இங்கே இரண்டு எதிர்மறைகளும் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. எல்லோரும் அறிவர் என்பதே கருத்து. விடை: பிழை இல்லை.

ஆக, தேர்வுத் தாளில் எண்ண வேண்டியது வாக்கியத்திலுள்ள எதிர்மறைகளின் மொத்தத் தொகையை அன்று. ஒவ்வொரு வினைக்கும் எத்தனை என்பதையே. ஐயம் வரும்போது 'யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை' என்று ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். அதிலுள்ள ஒரே 'இல்லை'யை ஆங்கிலத்தில் முதலில் வரும் சொல்லுக்குக் கொண்டுபோனால், மற்றவை தாமாகவே 'எனி' ஆகிவிடும்.